ஃப்ளோர் பிளான் வரைந்து ஷாட் பிரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்படம் எடுப்பவர்களும் புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. பெரும்பாலானோர் செட் போடுவதில்லை, யாராவது ஒருவரின் வீட்டு ஹாலில்தான் எடுக்கிறார்கள். அதனால் இங்கே முழுக்க ஒரே ஹால், ஒரே காட்சிதான் உதாரணம்.

ஸ்டோரிபோர்டு வரைஞ்சாச்சு. அப்புறம் எதுக்கு ஃப்ளோர் பிளான்?

ஃபிரேமுக்குள் என்ன தெரிய வேண்டும் என்பதை ஸ்டோரிபோர்டு சொல்லும். அந்த ஃபிரேம் கிடைக்க கேமரா எங்கே நிற்க வேண்டும், அங்கே நிற்க இடம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பின்னால் சுவரே இல்லாதது போல வரைந்துவிட்டு, லொகேஷனில் போய் முதுகு சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

கூரையைக் கழற்றிவிட்டு நேர் மேலிருந்து அறையைப் பார்த்தால் தெரிவதுதான் ஃப்ளோர் பிளான். அறை, சாமான்கள், ஆட்கள் நிற்கும் இடம், நடக்கும் பாதை, கேமரா, அது பார்க்கும் பரப்பு எல்லாம் ஒரே அளவில் இருக்கும். முடியாத ஷாட்டை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் இதன் முதல் பயன்.

எனக்கு டிராயிங் சுத்தமா வராது. நான் வரைய முடியுமா?

கோடு, வட்டம், அம்பு போடத் தெரிந்தால் போதும். கையெழுத்து மாதிரி வளைந்திருந்தாலும் பரவாயில்லை, அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். அளவில்லாத பிளான் அழகான படமாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

ஏ4 கிராஃப் ஷீட்டில் 1 சென்டிமீட்டர் கட்டத்துக்கு 1 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 16-க்கு 11 அடி ஹால் பாதித் தாளில் அடங்கும், மீதியில் ஷாட் குறிப்பு எழுதலாம். சுவரையும் சாமானையும் பேனாவில் போடுங்கள். ஆட்களும் கேமராவும் பென்சிலில் இருக்கட்டும், அவை பத்து முறை இடம் மாறும். அல்லது அறையை மட்டும் வரைந்து ஜெராக்ஸ் எடுத்து, காட்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்ளலாம்.

லொகேஷன்ல எதையெல்லாம் அளக்கணும்?

நான்கு சுவர்களையும், இரண்டு மூலைவிட்டங்களையும். பழைய வீடுகளில் மூலை சரியான செங்கோணமாக இருப்பது அபூர்வம். 16-க்கு 11 அடி அறையில் மூலைவிட்டம் ஏறக்குறைய 19 அடி 5 இன்ச் வர வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று அரை அடிக்கு மேல் வித்தியாசப்பட்டால் அறை கோணல் என்று எடுத்துக்கொண்டு அப்படியே வரையுங்கள். இன்னொன்று, 5 அடி 3 இன்ச் என்பது 5.3 அடி அல்ல, 5.25 அடி. பிளான் லேசாகப் பொருந்தாமல் போவதற்கு அதிகம் காரணமாக இருப்பது இந்தக் குழப்பம்தான்.

அடுத்து கதவும் ஜன்னலும். மூலையிலிருந்து எத்தனை அடியில் தொடங்குகிறது, எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று குறியுங்கள். திறக்கும் கதவை கால் வட்டமாக வரைய வேண்டும், அந்தக் கால் வட்டத்துக்குள் ஸ்டாண்டோ ஆளோ நிற்க முடியாது. பிறகு நகர்த்த முடியாத சாமான்கள், சீலிங் ஃபேன், பிளக் பாயிண்ட், வடக்குத் திசை. திசை தெரியாமல் போனால் எந்த நேரத்தில் எந்த ஜன்னலில் வெயில் விழும் என்று சொல்ல முடியாது.

நம் உதாரண ஹால் கிழக்கு மேற்காக 16 அடி, வடக்கு தெற்காக 11 அடி. தாளில் வடக்கு மேலே. கிழக்குச் சுவரின் தெற்கு ஓரத்தில் வாசல் கதவு. மேற்குச் சுவரில், வடக்கு மூலைக்குப் பக்கமாக, சமையலறைக்குப் போகும் வழி. தெற்குச் சுவரின் நடுவில் ஜன்னல். வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில், வடக்குச் சுவரை ஒட்டி ஒரு ஸ்டீல் பீரோ, அதன் இடது கதவில் கண்ணாடி.

நடிகர்களை எப்படிக் காட்டுறது? புள்ளி வச்சா போதாதா?

போதாது. புள்ளிக்கு அகலம் கிடையாது, மனிதருக்குத் தோளோடு தோள் ஏறக்குறைய ஒன்றரை அடி இருக்கும். ஒன்றரை கட்ட அகலத்தில் நீள்வட்டம் போட்டு, முகம் பார்க்கும் பக்கம் மூக்கு மாதிரி ஒரு சின்ன முனை வையுங்கள். ஒருவர் இன்னொருவரை மறைப்பது அப்போதுதான் தாளில் தெரியும்.

நகர்வுக்குப் புள்ளிக்கோட்டு அம்பு. நின்று வசனம் பேசும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். நம் காட்சியில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்: மேற்குச் சுவரிலிருந்து 6 அடி, தெற்குச் சுவரிலிருந்து 8 அடி. மகள் வாசலில் நுழைந்து ம1-ல் தயங்கி நிற்கிறாள், பிறகு ம2-க்கு நடந்து வருகிறாள். ம2 மேற்கிலிருந்து 10 அடி, தெற்கிலிருந்து 6 அடி. அங்கே நின்று பேசும்போது அம்மா சமையலறை வழியில் வந்து நிற்கிறாள். எந்த வசனத்தில் எந்த எண் என்பதை ஸ்கிரிப்ட்டின் ஓரத்திலும் எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்ட்டோடு சேராத பிளானை ஷூட்டிங்கில் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

கேமராவுக்கு 'V' போடுறாங்களே, அந்த V எவ்வளவு விரியணும்? குத்துமதிப்பா போடலாமா?

குத்துமதிப்பாகப் போட்ட V தான் பிளானையே பொய்யாக்குகிறது. அது லென்ஸையும் சென்சார் அகலத்தையும் பொறுத்தது. கணக்கு எளிது:

```
தெரியும் அகலம் = தூரம் × சென்சார் அகலம் ÷ லென்ஸ்
```

சென்சாரும் லென்ஸும் மில்லிமீட்டரில், தூரம் அடியில். சூப்பர் 35 சென்சாரின் அகலம் ஏறக்குறைய 25 மி.மீ. அப்படியானால் 25 மி.மீ. லென்ஸில் 10 அடி தூரத்தில் 10 அடி அகலம் தெரியும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் மற்றவை தானாக வரும்: 10 அடியில் 50 மி.மீ. 5 அடி, 35 மி.மீ. 7 அடி, 18 மி.மீ. 14 அடி, 85 மி.மீ. 3 அடி. ஏபிஎஸ்-சி சென்சாருக்கும் இதே எண்கள் கிட்டத்தட்டப் பொருந்தும். ஃபுல் ஃபிரேமின் அகலம் 36 மி.மீ., அதில் 50 மி.மீ. லென்ஸ் 10 அடியில் 7 அடி காட்டும்.

பாகைமானி தேவையில்லை. லென்ஸ் இருக்கும் புள்ளியிலிருந்து நேராக 10 கட்டம் போங்கள். 50 மி.மீ. என்றால் அங்கே இரண்டு பக்கமும் இரண்டரை கட்டம் குறித்து, லென்ஸ் புள்ளியோடு இணைத்தால் V தயார். ஒரு எச்சரிக்கை: சில கேமராக்கள் 4கே-யிலோ ஸ்லோமோஷனிலோ சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், V குறுகிவிடும். எந்த மோடில் எடுக்கப் போகிறீர்களோ அந்த அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வரையுங்கள்.

சின்ன ரூம்தான். ஆள் தலையிலிருந்து கால்வரை தெரியுமான்னு பிளான்லயே பார்த்துடலாமா?

பார்த்துவிடலாம். ஐந்தரை அடி ஆளுக்குத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் விட்டால் ஃபிரேம் உயரம் ஆறரை அடி. 16:9-ல் அதற்கு அகலம் ஏறக்குறைய பதினொன்றரை அடி. முந்தைய கணக்குப்படி 25 மி.மீ. லென்ஸுக்குப் பதினொன்றரை அடி தூரம் வேண்டும், 35 மி.மீ. என்றால் 16 அடிக்கும் மேல்.

நம் ஹால் வடக்கு தெற்காக 11 அடிதான். அதிலும் கேமராவுக்குப் பின்னால் இடம் விட வேண்டும். விரித்த டிரைபாட் மூன்றடி வட்டம் பிடிக்கும், லென்ஸை சுவரிலிருந்து 2 அடிக்குள் கொண்டுபோனால் கேமராமேன் பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே குறுக்குவாட்டில் முழு ஆள் ஷாட் 25-ல் கூடக் கிடைக்காது. நீளவாட்டில் 25 மி.மீ.யில் கிடைக்கும், 35-ல் கிடைக்காது. முழு ஆள் வேண்டுமானால் நடிப்பை கிழக்கு மேற்காக அமையுங்கள்.

மாஸ்டர் ஷாட்டுக்கு கேமராவை எங்க வைக்கிறது?

இரண்டு ஆட்களும் காட்சியின் முக்கிய வாசலும் ஒரே V-க்குள் விழும் மூலையைத் தேடுங்கள். இங்கே அது தென்மேற்கு மூலை. கே1: மேற்கிலிருந்து 2 அடி, தெற்கிலிருந்து ஒன்றரை அடி. அங்கிருந்து அப்பாவுக்கு ஒரு கோடு, ம1-ல் நிற்கும் மகளுக்கு ஒரு கோடு போட்டால் இடையில் ஏறக்குறைய 54 டிகிரி வருகிறது. 25 மி.மீ. லென்ஸின் விரிவு 53 டிகிரி. அதாவது இருவரும் பாதி பாதியாக வெட்டுப்படுவார்கள். 18 மி.மீ. 69 டிகிரி விரியும், அதில் வாசல் கதவும் சேர்ந்து வந்துவிடுகிறது.

18 வேண்டாம், ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுத் தெரிவார் என்று ஒளிப்பதிவாளர் சொல்லலாம், நியாயம்தான். அப்போது நகர்த்த வேண்டியது கேமராவை அல்ல, அதற்குப் பின்னால் போக இடமில்லை. நாற்காலியைக் கிழக்கே ஓரடி தள்ளி, மகள் தயங்கும் இடத்தையும் ஓரடி உள்ளே இழுத்து, 25-க்குள் வருகிறதா என்று மறுபடி கோடு போட்டுப் பாருங்கள். நாற்காலி நகர்ந்தால் கீழே வரும் மற்ற கேமரா இடங்களும் நகரும். இந்தப் பதில்களில் அது பழைய இடத்திலேயே இருக்கிறது.

180 டிகிரி லைன் பத்திப் படிச்சிருக்கேன். பிளான்ல அதை எப்படிப் போடுறது?

பேசிக்கொள்ளும் இருவரின் தலைகளையும் ஒரு துண்டுக்கோட்டால் இணைத்து, அறையின் இரு ஓரமும் வரை நீட்டுங்கள். கேமராக்கள் எல்லாம் அதன் ஒரே பக்கம் இருக்க வேண்டும். அப்பாவையும் ம2-ல் நிற்கும் மகளையும் இணைத்தால் கோடு அறையை மூலைவாட்டாகக் கடக்கிறது. கே1 அதற்குத் தெற்கே இருக்கிறது, ஆக நம் பக்கம் தெற்குப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் அப்பா இடதில், அவருக்கு ரைட் லுக். மகள் வலதில், அவளுக்கு லெஃப்ட் லுக்.

வடக்குப் பக்கத்தை லேசாகக் கரியால் தீட்டிவிடுங்கள். அந்த நிழலுக்குள் கேமரா வைக்கும் ஆசை வந்தால் ஏன் என்று யோசிக்கத் தோன்றும். ஆள் நடந்தால் கோடும் கூடவே திரும்பும், எனவே ம1-க்கு ஒரு கோடு, ம2-க்கு ஒரு கோடு. நிழலும் அதற்கேற்ப மாறும்.

சஜஷன் ஷாட்ல முன்னாடி நிக்கிறவர் எதிர்ல இருக்கிறவரை மறைச்சிடுறார். பிளான்ல சரியாத்தானே இருந்துச்சு?

புள்ளி வைத்து வரைந்திருப்பீர்கள். மகளின் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பாவைப் பார்க்கும் கே2-வை எடுத்துக்கொள்வோம். லைனிலேயே மகளுக்கு மூன்றடி பின்னால் போய், அங்கிருந்து தெற்கே ஓரடி விலகி வைத்தால் புள்ளிகள் தனித்தனியாகத்தான் தெரியும். ஒன்றரை அடி நீள்வட்டம் போட்டுப் பார்த்தால் மகளின் உடம்பு அப்பாவின் முகத்தின் மேல் விழுகிறது. விலகலை இரண்டடியாக்கினால் மகளின் தோள் ஓரமும் அப்பாவின் தோள் ஓரமும் நூலிழை இடைவெளியில் பிரிகின்றன. முன்னால் இருப்பவர் கேமராவிலிருந்து தள்ளிப் போகப் போக இந்த விலகல் கூட வேண்டும்.

இப்போது கே2 மேற்கிலிருந்து ஏறக்குறைய 12 அடியிலும் தெற்கிலிருந்து 3 அடியிலும் இருக்கிறது. அப்பா ஏழே முக்கால் அடி தூரத்தில். 50 மி.மீ. போட்டால் அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல மிட் ஷாட். V-யை சுவர் வரை நீட்டிப் பார்க்க மறக்காதீர்கள். இடது ஓரத்தில் சமையலறை வழி கொஞ்சம் தெரிகிறது. அங்கே அம்மா நின்றால் பாதி உடம்போடு ஃபிரேம் ஓரத்தில் மாட்டுவாள். அவளை ஓரடி உள்ளே வரவைத்து முழுசாகக் காட்டலாம், அல்லது அவள் வருவதற்கு முந்தைய வசனங்களுக்கு மட்டும் கே2-வை வைத்துக்கொள்ளலாம். அரைகுறையாக விடுவதுதான் தப்பு.

மூணாவது ஆள் வந்துட்டா லைன் என்ன ஆகும்?

ஒன்று மூன்றாகும். அப்பா மகள், மகள் அம்மா, அப்பா அம்மா என்று மூன்று கோடுகள், மூன்று நிறத்தில். அம்மா உள்ளே வந்த பிறகு யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்களோ அந்தக் கோடுதான் அந்த வசனத்துக்கு லைன்.

அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து மகளைப் பார்க்கும் கே3-ல் இது கையோடு தெரியும். அப்பாவின் நேர் பின்னால் மூன்றடி போய், தெற்கே ஓரடி விலகி வைப்பதுதான் முதலில் தோன்றும். அந்த இடம் அப்பா மகள் கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் சரி. ஆனால் மகள் அம்மா கோட்டை வரைந்து பாருங்கள், கேமரா அதற்கு வடக்கே போய்விட்டது. மகள் அப்பாவைப் பார்க்கும்போது லெஃப்ட் லுக், அம்மா பக்கம் திரும்பியதும் ரைட் லுக். மாஸ்டரிலோ இருவருமே அவளுக்கு இடதில் இருக்கிறார்கள். எடிட்டில் அம்மா வேறெங்கோ நிற்பது போல இருக்கும். போதாக்குறைக்கு அந்த இடம் சமையலறை வழிக்கு நேர் முன்னால், அம்மா வந்து நிற்கவே இடமில்லை.

கே3-ஐ தெற்கே இரண்டடி இழுங்கள்: மேற்கிலிருந்து 3 அடி, தெற்கிலிருந்து ஆறரை அடி. இப்போது மூன்று கோடுகளுக்கும் தெற்கே வந்துவிட்டது. விலை என்னவென்றால் அப்பாவும் மகளும் இன்னும் விலகித் தெரிவார்கள். 50-ல் மகளை வைத்தால் அப்பாவின் தோள் கிட்டத்தட்ட போய்விடும், 35 போட வேண்டும். மகள் ஏழடி தூரத்தில், அகலம் ஐந்தடி. கே2-வை விட கொஞ்சம் லூசான ஷாட், ஆனால் லுக் மூன்றும் சரியாக இருக்கும். இறுக்கம் வேண்டுமென்றால் மகளுக்கு 85-ல் தனி குளோசப் அதே இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பீரோ கண்ணாடியில யூனிட் தெரியுமான்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பிளான் இல்லாமல்தான் முடியாது. கண்ணாடியை ஒரு கோடாக வரையுங்கள். கேமராவிலிருந்து கண்ணாடித் தளத்துக்கு நேர் செங்குத்தாக எத்தனை அடியோ, அதே தூரம் கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒரு பொய்க் கேமரா குறியுங்கள். அங்கிருந்து கண்ணாடியின் இரண்டு ஓரங்கள் வழியாக அறைக்குள் கோடு இழுத்தால், அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் கண்ணாடியில் தெரியும்.

உதாரணத்துக்கு, மகள் பீரோ அருகே போகும்போது கே4. அது மேற்கிலிருந்து 11 அடியில், கண்ணாடிக்கு 6 அடி தெற்கே. பீரோ முகப்பு தெற்குச் சுவரிலிருந்து ஒன்பதரை அடியில் இருக்கிறது, கண்ணாடி மேற்கிலிருந்து 12-க்கும் 13-க்கும் இடையே ஓரடி அகலம். பொய்க் கேமரா முகப்புக்கு 6 அடி வடக்கே, அதாவது சுவரையும் தாண்டி வெளியே. பிளானைச் சுற்றி ஓரம் விட்டு வரையச் சொல்வது இதற்காகவும்தான். இரண்டு கோடுகளும் தென்கிழக்கு மூலையில் போய் விழுகின்றன. கேமரா சத்தியமாகக் கண்ணாடியில் தெரியாது, ஆனால் வாசலுக்கு உள்ளே இரண்டடியில் நிற்கும் பூம் அசிஸ்டென்ட் தெரிவார். வழக்கமாக எல்லோரும் ஒதுங்கி நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். வாசலுக்கு வெளியே அனுப்பினால் சரியாகிவிடும். இல்லையென்றால் கண்ணாடிக் கதவை மட்டும் ஒரு விரல்கடை திறந்து வைத்து, மாறிய கோணத்தில் மறுபடி கோடு போடுங்கள்.

டிராலி ஷாட்டை எப்படிக் குறிக்கிறது?

தண்டவாளம் மாதிரி இரட்டைக்கோடு, தொடக்கத்தில் ஒரு V, முடிவில் ஒரு V, நடுவில் அம்பு. டிராக் நீளம் முழுவதும் நகர்வு கிடைக்காது: 8 அடி டிராக்கில் 3 அடி டிராலி என்றால் நகர்வது 5 அடிதான். தள்ளுபவர் நடக்கவும் இடம் வேண்டும். கடைசி V-யில் டிராக்கே ஃபீல்டுக்குள் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

லைட்டையும் இதே தாள்ல போடலாமா?

ஜெராக்ஸ் எடுத்த இன்னொரு தாளில் போடுங்கள். முதலில் எல்லா V-களையும் மெல்லிய கோட்டில் காப்பி செய்தால், எந்த V-யிலும் விழாத இடங்கள் வெள்ளையாக மிஞ்சும். ஸ்டாண்டுக்கு அதுதான் இடம். நம் ஹாலில் தெற்கு ஜன்னல் கே1-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் டிசம்பர், ஜனவரியில் நண்பகல் வெயில் தெற்கே சாய்ந்து அந்த ஜன்னல் வழியே தரையில் விழும். மே கடைசியிலோ ஜூனிலோ சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே போய்விடும், அதே ஜன்னலில் நேர் வெயில் கிடைக்காது.

சீலிங் ஃபேனை விடாமல் குறிக்க வேண்டும். சாதாரண 48 இன்ச் ஃபேன் தாளில் நாலடி வட்டம். இறக்கைக்கு மேலிருந்து அடிக்கும் லைட் அந்த வட்டத்தைக் கடந்து வந்தால் முகத்தில் நிழல் சுற்றும். இங்கே ஃபேன் ஹாலின் நடுவில் இருக்கிறது, ம2 அந்த வட்டத்தின் விளிம்பிலேயே வருகிறது. ஃபேனை நிறுத்தினால் சவுண்டுக்கும் நல்லது, நடிகருக்கு வேர்க்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மேலேருந்து பார்க்கிற பிளான்ல உயரமே தெரியலையே?

தெரியாது, இதன் பெரிய குறை அதுதான். ஒவ்வொரு V-க்குப் பக்கத்திலும் லென்ஸும் கேமரா உயரமும் எழுதுங்கள்: 'கே3, 35, 4 அடி' என்பது போல. கே3-ல் அப்பா உட்கார்ந்திருக்கிறார், மகள் நிற்கிறாள். பிளானில் தோள் சரியாக விழுந்தாலும், கேமராவை மகளின் கண் உயரத்துக்கு ஏற்றினால் அப்பாவின் தலை ஃபிரேமுக்குக் கீழே போய்விடும்.

சந்தேகமான ஷாட்டுக்கு மட்டும் அறையைப் பக்கவாட்டில் வெட்டியது போல இன்னொரு சின்ன படம் போடுங்கள், அகலத்துக்குப் பதில் உயரக் கணக்கு. சூப்பர் 35-ல் 16:9 உயரம் 14 மி.மீ. கே1-ல் 18 மி.மீ. லென்ஸ் நாலரை அடி உயரத்தில் நேராகப் பார்த்தால், ஃபேன் வட்டத்தின் கடைசி ஓரம் இருக்கும் 9 அடி தூரத்தில் 8 அடி உயரம் வரை தெரியும். ஃபேன் எட்டரை அடியில் தொங்கினால் தப்பித்தது. கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்தால் மாட்டும்.

ஷூட்டிங் ஆர்டரும் இதிலிருந்தே போடலாமா?

கட்டாயம். ஒரே திசையைப் பார்க்கும் V-களைச் சேர்த்து எடுங்கள். கே1-ம் கே3-ம் கிழக்குப் பக்கம் பார்க்கின்றன, அவற்றை முடிக்கும்வரை பெட்டிகளெல்லாம் சமையலறையில் இருக்கலாம். பிறகு மேற்கே பார்க்கும் கே2-வுக்கு அவற்றை வாசலுக்கு வெளியே மாற்றினால் போதும். லைட்டும் ஒரே ஒருமுறைதான் திரும்பும். கே3-ன் வலது ஓரத்தில் வாசல் கதவு ஓரடி தெரிகிறது, மாஸ்டரில் சாத்தியிருந்தால் இங்கேயும் சாத்தியிருக்க வேண்டும் என்று அங்கேயே எழுதிவையுங்கள்.

அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டேன், நடிகர் வேற எங்கேயோ போய் நிக்கிறார். என்ன பண்றது?

முதலில் ஒத்திகையில் அவர் ஏன் அங்கே போகிறார் என்று பாருங்கள். நடிப்புக்கு அந்த இடம் நன்றாக இருந்தால் பிளானைத்தான் மாற்ற வேண்டும். புது இடத்தை டேப் வைத்து அளந்து, நீள்வட்டத்தை அழித்து மாற்றிப் போட்டு, லைனையும் மறைப்பையும் மட்டும் சரிபார்க்க சில நிமிடங்கள் போதும். ம2 ஓரடி கிழக்கே போனால் கே2-ல் மகளின் தோள் விலகி, ஷாட் அப்பாவின் தனி ஷாட் மாதிரி ஆகும். கேமராவை அவளோடு ஓரடி நகர்த்தினால் முடிந்தது. இடம் முடிவானதும் தரையில் டேப்பை ஒட்டிவிடுங்கள், மாஸ்டரில் கால் தெரிகிறதென்றால் தரை நிறத்திலேயே.

ஆப் இருக்கே, கையால எதுக்கு?

ஷாட் டிசைனர் போன்ற ஆப்களில் ஆளையும் கேமராவையும் இழுத்து வைத்தால் V தானாக விரியும், நகர்வையும் ஓட்டிப் பார்க்கலாம். பயன்படுத்துங்கள். ஆனால் அறையின் அளவையும் சென்சாரையும் நீங்கள்தான் சரியாகக் கொடுக்க வேண்டும். அளக்காமல் கண் மதிப்பில் போட்ட அறைக்குள் ஆப்பின் V எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஷூட்டிங் நாளில் ஒரு பிரிண்ட் எடுத்து ஒளிப்பதிவாளர், அசோசியேட், சவுண்டு மூவரிடமும் கொடுத்துவிடுங்கள், போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.